அங்குலத்துக்குப் பதினாறு

சின்னவளின் தையல் சிறுத்துக்கொண்டே போனதை முதலில் எல்லாரும் கொண்டாடினார்கள். அப்படிக் கொண்டாடியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கையால் தைத்த பஞ்சுப் போர்வையில் தையல் எவ்வளவு பொடிசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மதிப்பு. பொடிசாகவும் இருந்து, ஒன்றுபோலவும் இருந்துவிட்டால் பார்ப்பவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் அக்காவும் தங்கையும் முப்பது வருஷமாக இந்த வேலையைச் செய்துவந்தார்கள். பெரியவளுக்கு ஐம்பத்தாறு, சின்னவளுக்கு ஐம்பத்து மூன்று. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு. மூன்றையும் நகராமல் நெடுந்தையலில் பிடித்துவைத்து, பெரிய மரவளையத்தில் மாட்டி, நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்தை நோக்கி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஆளுக்கொரு வளையம், ஒரே போர்வை. ஒருத்தி அந்தப் பாதி, இன்னொருத்தி இந்தப் பாதி. எது யார் தைத்தது என்று கடைசியில் யாருக்கும் தெரியக்கூடாது. அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்பது பெரியவள் வகுத்த கணக்கு. தங்கை ஒன்பதைத் தொடவே ஐந்து வருஷம் ஆயிற்று. அதைப் பெரியவள் அடிக்கடி ஞாபகப்படுத்துவாள், அன்பாகத்தான்.

போன வருஷம் சின்னவளின் தையல் திடீரென்று பதினொன்றுக்குப் போனது. அப்புறம் பன்னிரண்டு. போர்வைகளை வாங்கி விற்கும் கடைக்காரம்மா பூதக்கண்ணாடியோடு வந்து நின்றாள். "இது கையா, மெஷினா?" என்று கேட்டுவிட்டுத் தன் கேள்விக்குத் தானே சிரித்தாள். அதன்பிறகு வந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் தங்கச்சி கை, தங்கச்சி கை என்றுதான் கேட்டார்கள். பெரியவளின் பத்து யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. அவளுக்குப் பொறாமை வந்தது. அதைப் பொறாமை என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல் தலைவலி என்று சொல்லிக்கொண்டு சீக்கிரம் படுத்தாள்.

தலைவலிக்கு மேல் ஒரு தலைவலி, அந்த முடிச்சு விவகாரம். நல்ல போர்வையில் முடிச்சு வெளியே தெரியாது. நூல் நுனியில் சின்னதாக முடிச்சுப் போட்டு, தையல் ஆரம்பிக்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி ஊசியை மேல்துணிக்குள் விட்டு, பின்பக்கம் போகாமல் பஞ்சுக்குள்ளேயே ஓட்டி, கோட்டின் மேல் எடுக்க வேண்டும். பிறகு நூலை வெடுக்கென்று ஒரு சுண்டு. 'டொக்' என்று முடிச்சு துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிடும். முடிக்கும்போதும் அப்படித்தான். துணிக்கு ஒட்டி முடிச்சுப் போட்டு, ஊசியைப் பஞ்சுக்குள் விட்டுச் சற்றுத் தள்ளி எடுத்து, சுண்டி, மிச்ச நூலை வெட்ட வேண்டும். மெதுவாக இழுத்தால் முடிச்சு மேலேயே நிற்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் நூல் அறும். வேகமும் வேண்டும், அளவும் வேண்டும்.

பேர் வந்த பிறகு சின்னவள் முடிச்சைத் தானாகப் புதைப்பதை நிறுத்திவிட்டாள். கடைசித் தையல் போட்டதும் வளையத்தை அக்கா பக்கம் நகர்த்தி, இந்த முடிச்சை மட்டும் உள்ளே தள்ளிவிடு என்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. மகாராணி தைப்பாள், வேலைக்காரி முடிச்சுப் புதைப்பாள் என்று ஆகிவிட்டது என்று பெரியவள் மனசுக்குள் கருவினாள். ஆனாலும் சுண்டினாள். கோபத்தில் சுண்டியதால் முடிச்சுகள் ஒழுங்காகவே உள்ளே போயின.

இந்த நிலைமையில்தான் வெள்ளைப் போர்வை வந்தது. முழுக்க ஒரே வெள்ளை, ஒட்டுத்துணி வேலை எதுவும் கிடையாது. கொடியும் இலையும் தையலால் மட்டுமே தெரிய வேண்டும். பெரிய கண்காட்சிக்குப் போகிறது என்றாள் கடைக்காரம்மா. தையலில் ஒரு பிசகு இருந்தாலும் மறைக்க வழியில்லாத போர்வை அது.

வேலை ஏறக்குறைய முடிந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சின்னவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். பெரியவள் அறையில் தனியாக இருந்தாள். தங்கையின் ரகசியம் என்னவென்று கண்டுபிடித்துவிடுவது என்று முடிவுகட்டி, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவள் தைத்திருந்த பாதிக்குப் போய்க் குனிந்தாள். திருட்டு வேலை செய்வதுபோல் கதவை வேறு சாத்திக்கொண்டாள்.

முதல் இலையில் ஓர் அங்குலம் எண்ணினாள். பத்து. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்துபோனாள். நாடாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பன்னிரண்டு. இன்னும் தள்ளினாள். பதினான்கு. இலையின் நுனியில் பதினாறு. அங்கே நூல் முடிந்து, அவளே புதைத்த முடிச்சு இருந்தது. புது நூல் ஆரம்பித்த இடத்தில் மறுபடி பத்து. அப்புறம் பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. முடிச்சு. மறுபடி பத்து.

இன்னொரு கொடியை எண்ணினாள். அதுவும் அப்படித்தான். ஒவ்வொரு நூலும் நன்றாகக் கிளம்பி, போகப்போகக் குறுகி, கடைசியில் புள்ளிகளாகிப் போயிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகாக இருந்தது. பெரியவள் நாடாவை அங்கேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இதை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். துணியில் அல்ல, காகிதத்தில்.

அவர்கள் அப்பா பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். கொட்டை கொட்டையாக எழுதுவார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த எழுத்து சிறுத்தது. வரியின் ஆரம்பம் பெரிதாக இருக்கும், முடிவில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். காகிதம் மிச்சம் என்று அப்பா சிரித்தார், வீடே சிரித்தது. கை நடுங்க ஆரம்பித்தது அதற்குப் பின்னால்தான். டாக்டர் பழைய பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் பரப்பி, மூன்று வருஷத்துக்கு முன்னாடியே இங்கே ஆரம்பிச்சிருக்கு பாருங்க என்று விரல் வைத்துக் காட்டினார். பார்கின்சன் என்றார். வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை, 'அப்பா கை' என்றுதான் சொன்னார்கள். அப்பா கை அப்பாவின் காலுக்குப் போயிற்று, நாக்குக்குப் போயிற்று, கடைசியில் விழுங்குவதற்கும் போயிற்று. ஒன்பது வருஷம் அவருக்குச் சோறு ஊட்டியது பெரியவள்.

அவள் முடிச்சுகள் இருந்த இடத்தை ஒவ்வொன்றாகத் தடவினாள். வெடுக்கென்று ஒரு சுண்டு. அந்த ஒன்றுதான் தங்கையின் கைக்கு வரவில்லை. மகாராணித்தனம் என்று இத்தனை நாள் மனசுக்குள் திட்டித் தீர்த்தது அதைத்தான்.

மறுநாள் வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று தேடினாள். வளையம் முறுக்காக இருக்கிறது, ஊசி ஆட இடமில்லை என்று சொல்லித் தங்கையின் வளையத்தைத் தளர்த்தினாள். ஊசியை மாற்றிப் பெரிசாகக் கொடுத்தாள். கண்காட்சிக்காரர்கள் சீரான தையல் கேட்கிறார்களாம், அங்குலத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், நான் எண்ணுகிறேன் நீ தை என்றாள். சின்னவள் ஒன்றும் கேட்காமல் தைத்தாள். அக்கா ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணியவரை தையல் பத்திலேயே நின்றது. பெரியவளுக்குப் போன உயிர் திரும்பியது. எண்ணுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். திரும்பிப் பார்த்தபோது தையல் மறுபடி பொடிசாகிப் போயிருந்தது. அடித்துணிக்குக் கீழே ஊசிமுனையைத் தொட்டுப் பார்க்கும் இடதுகை நன்றாகத்தான் அசைந்தது. நடுவிரலில் உலோகத் தொப்பி போட்ட வலதுகைதான் எங்கோ தூங்கிக்கொண்டே வேலை செய்வதுபோல் இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தால் வேறெதுவோ வந்தது. காபி வேணுமா என்று ஒரே மணி நேரத்தில் மூன்று தடவை கேட்டாள். போர்வை முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள். முடிந்தபிறகு என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் கடைக்காரம்மா போர்வையை எடுத்துப்போக வந்தாள். விரித்துப் போட்டுப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு இலையாகப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து சின்ன வெள்ளைத் துணித்துண்டு ஒன்றையும் அழியாத மைப்பேனா ஒன்றையும் எடுத்தாள். தைத்தவர் தன் கையாலேயே பேரும் ஊரும் எழுதிப் பின்பக்க மூலையில் வைத்துத் தைக்க வேண்டுமாம், கண்காட்சி விதி.

"நான் எழுதறேன்" என்று பெரியவள் கையை நீட்டினாள்.

கடைக்காரம்மா பேனாவைக் கொடுக்கவில்லை. தங்கச்சி பேருக்காகத்தான் கண்காட்சியில் இடமே கொடுத்தார்கள், முதலில் அவங்க எழுதட்டும், கீழே நீங்க எழுதுங்க என்றாள். சின்னவள் பேனாவை வாங்கினாள். துணித்துண்டை மேஜையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து எழுதினாள். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. முதல் எழுத்து முழுசாக இருந்தது. மூன்றாவது பாதியாயிற்று. ஊர்ப் பேர் மையில் நனைந்த நூல் ஒன்று கிடந்ததுபோல் கிடந்தது.

"அடடா, எழுத்தும் தையல் மாதிரியே எவ்வளவு பொடிசா இருக்கு பாருங்க" என்றாள் கடைக்காரம்மா.

துணித்துண்டை மூலையில் தைத்துப் போர்வையைச் சாயங்காலத்துக்குள் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கிப் போனாள். கீழே மருந்துக்கடை வாசலில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"நாடாவ என் பக்கத்துல விட்டுட்டுப் போயிருந்த" என்றாள் சின்னவள். "எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் போன வருஷமே எண்ணிட்டேன்."

ஒரு வருஷமா என்றாள் பெரியவள். டாக்டரிடம் போயிருக்கலாமே, மாத்திரை இருக்கே, அப்பாவுக்குக் கொடுத்தார்களே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, நான் செத்தா போய்விட்டேன் என்று தொடுத்துக்கொண்டே போனாள். தங்கை கேட்டுக்கொண்டே பேனா மூடியை மாட்டப் பார்த்தாள். அது மாட்டவில்லை. மேஜையில் வைத்துவிட்டாள்.

"எல்லாரும் நல்லா இருக்குன்னாங்கக்கா" என்றாள். "நீயும் ராத்திரி தலைவலின்னு போய்ப் படுத்துக்கிட்ட. எதுக்குன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது, உன்னவிட நான் நல்லா தைக்கறேன்னு நீ நெனச்சியே. அதக் கொஞ்ச நாள் வச்சுக்கலாம்னு இருந்துச்சு."

திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம் என்றாள் பெரியவள். சரி என்றாள் சின்னவள். பெரியவள் ஊசியில் நூல் கோத்து அந்தத் துணித்துண்டைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. தான் பொறாமைப்பட்டது உண்மை என்பதால்தான் அவ்வளவு அழுதாள்.