புயல் தட்டியதும் புயல் சொல்லாததும்

காலையிலிருந்தே ரூல்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் அது. ஏ.சி. பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் மனிதவளப் பிரிவு என்பது அவளும் ஒரு ஆட்டம் காணும் மேசையும்தான். லீவுக் கணக்கு, அடையாள அட்டை, தொலைந்த சாவிக்குப் புதுச் சாவி என்று பொழுது போய்க்கொண்டிருந்தவளிடம், முதன்முறையாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தன் வேலைக்கு ஆபத்து வரும்போது இப்படித் துள்ளலாமா என்று மனசாட்சி லேசாகக் கிள்ளியது. கிள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடிதம் ஆன்டெனாவுக்கு. நெட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். எந்த மெக்கானிக் எந்த நேரத்தில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று அட்டவணை போடுபவன். நேற்று ஒரே மெக்கானிக்கை ஒரே நேரத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஒரு மருத்துவமனையின் மருந்து அறைக்கும் எழுதிவைத்துவிட்டான். மருந்து அறை புழுங்கியது. மருத்துவமனைக்காரர்கள் முதலாளியம்மாவை ஒரு பிடி பிடித்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள அவன் கையில நோட்டீஸ் இருக்கணும்மா. இல்லேன்னா இன்னைக்கே கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடு" என்று சொல்லிவிட்டார் முதலாளியம்மா. கடிதம் எழுதினால் ஆன்டெனாவுக்குத் திருந்த அவகாசம் கிடைக்கும். எழுதாவிட்டால் வேலையே கிடையாது.

மூலப்பொருள் தயாராக இருந்தது. முதலாளியம்மாவின் அண்ணன் மகன்தான் மேலாளர். கைபேசிச் சாட்டில் செய்தி தட்டும்போது அவர் புயல்; அலுவலகத்தில் அவர் பெயரும் அதுதான். மாதக்கணக்காக ஆன்டெனாவைப் பற்றி ரூல்ஸிடம் தட்டித் தள்ளியிருந்தார்.

'இவனுக்கு மண்டையில மசாலாவே கிடையாது.'

இது ஒரு மனிதனைப் பற்றிய அபிப்பிராயம், நடந்த சம்பவம் அல்ல. அதை ஒதுக்கினாள்.

'இந்த மாசம் மூணாவது தடவை ஒரே ஆள ரெண்டு இடத்துக்குப் போட்டிருக்கான்.'

இதில் சரக்கு இருந்தது. அட்டவணையைத் திறந்து மூன்றையும் தேடிப் பிடித்து, தேதியோடு எழுதினாள்: 'கீழ்க்காணும் மூன்று நாட்களில் ஒரே பணியாளருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பணிகள் ஒதுக்கப்பட்டன. இதனால் வாடிக்கையாளர்களுக்குத் தாமதம் ஏற்பட்டது.' எழுதி முடித்ததும் அவளுக்கே புல்லரித்தது. திட்டு கரைந்துபோய் நடந்தது மட்டும் நின்றது. விஷயத்தின் எலும்பு தெரிந்தது.

'கஸ்டமரத் திருப்பிக் கூப்பிட மாட்டான், மகாராஜா' என்பதில் மகாராஜாவைத் தூக்கிவிட்டு, அழைப்புப் பதிவைப் பார்த்தாள். உண்மைதான். 'அதே நாளில் மறு அழைப்பு செய்யவேண்டும் என்பது நம் நடைமுறை. அது பலமுறை பின்பற்றப்படவில்லை.' அப்படியே மளமளவென்று போனது. என்ன எதிர்பார்க்கிறோம், எவ்வளவு அவகாசம், கம்பெனி என்ன உதவி செய்யும், அவன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்பது வரை எழுதிவிட்டாள். ஒரே ஒரு வரிதான் பாக்கி: 'இது குறித்து ______ அன்று தங்களிடம் நேரில் பேசப்பட்டது.' முதலில் வாய்மொழியாகச் சொல்லவேண்டும், அப்புறம்தான் எழுத்து. அது கம்பெனியின் விதி. அவளே தட்டச்சு செய்த விதி.

பிரிண்டரில் காகிதத்தைக்கூட வைத்துவிட்டுப் புயலின் அறைக்கு ஓடினாள்.

"சார், ஆன்டெனாகிட்ட என்னைக்குப் பேசினீங்க? தேதி மட்டும் சொல்லுங்க, முடிஞ்சுது!"

புயல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதாவது ஒரு தேதி போடும்மா. பதினஞ்சு போடு."

"பதினஞ்சு அவர் லீவு சார்."

"சரி, பதினாறு."

"சார்… பேசினீங்களா, இல்லையா?"

புயல் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். சாட்டில் இடி இடிக்கிற மனிதர் நேரில் இப்படிக் குழைவார் என்று ரூல்ஸ் கனவிலும் நினைக்கவில்லை. "முகத்தப் பாத்தா சொல்ல வரலம்மா. வந்து நின்னு, 'சரியா இருக்கா சார்'ம்பான். நானும் 'பிரமாதம், அசத்து'ன்னு சொல்லிடுவேன். அதான் எல்லாத்தையும் உன்கிட்ட கொட்டினேன்."

ரூல்ஸுக்கு அதுவரை இருந்த துள்ளல் எல்லாம் இப்போது கோபமாகக் கொதித்தது. இத்தனை மாதமாக அந்தத் திட்டுகளை அவள் படித்திருக்கிறாள். சிலதைப் படித்துச் சிரித்தும் இருக்கிறாள். படிக்கவேண்டியவன் மட்டும் ஒரு வரிகூடப் பார்க்கவில்லை.

"தேதி போட்டுத் தொலையேன்மா. இல்லேன்னா அத்தை அவன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவன் பொழப்பு போகட்டுமா?"

அதுதான் சிக்கல். பொய்த் தேதி அவனைக் காப்பாற்றும். ஆனால் அந்தப் பொய்தான் நாளைக்கு அவன் வேலை போகவும் ஆதாரமாகக் கோப்பில் நிற்கும். ரூல்ஸ் தேதி இல்லாத வரைவை அப்படியே அச்செடுத்துக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று முதலாளியம்மாவின் அறைக்குள் நுழைந்தாள். 

"அம்மா, இன்னைக்கு நோட்டீஸ் தர முடியாது. அவர்கிட்ட யாருமே சொல்லல. சொல்லாததுக்கு எச்சரிக்கையும் கிடையாது, வீட்டுக்கு அனுப்பறதும் கிடையாது. இப்ப நேர்ல பேசச் சொல்றேன், பேசினத எழுதிக்கறேன். அப்பறமும் மாறலேன்னா, நானே நோட்டீஸ் அடிச்சுக் கொண்டுவரேன்."

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என் அண்ணன் பையன் சொல்லவே இல்லையா?"

"பிரமாதம்னு சொல்லியிருக்கார்."

முதலாளியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கூப்பிடு ரெண்டு பேரையும். அவன் பேசட்டும். நீ கூடவே இரு, நழுவ விட்டுடாத."

ஆன்டெனா வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். முகமெல்லாம் பல். அடுத்த வாரம் மூத்த ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அலுவலகமே பேசிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான். ரூல்ஸுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

புயல் வானிலை பேசினார். டீ குடிக்கிறாயா என்றார். பிறகு ரூல்ஸின் கையிலிருந்த வரைவை எட்டி இழுத்தார். அவள் கொடுக்கவில்லை.

"உங்க வாயால சொல்லுங்க சார்."

புயல் ஆன்டெனாவின் பக்கம் திரும்பினார். "தம்பி… இந்த மாசம் மூணு தடவை ஒரே ஆள ரெண்டு இடத்துக்குப் போட்டிருக்க. நேத்து மருந்து அறை. கஸ்டமரத் திருப்பிக் கூப்பிடறதில்ல. வேலை சரியா இல்லப்பா."

 ஆன்டெனாவின் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போனது. அழப்போகிறான் என்று ரூல்ஸ் நினைத்தாள்.

"எனக்குத் தெரியும் சார்" என்றான் அவன்.

புயல் நிமிர்ந்தார்.

"மெக்கானிக் எல்லாரும் திட்றாங்க. கஸ்டமர் திட்றாங்க. அந்த அட்டவணைல புது வேலைய நடுவுல சேத்தா பழசு நகரமாட்டேங்குது, எனக்கு அத எப்படிப் பண்றதுன்னு தெரியல. உங்ககிட்ட கேக்கலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்து, 'சரியா இருக்கா'ன்னேன். நீங்க பிரமாதம்னு சொன்னீங்க. நீங்க ஒருத்தர்தான் சார் அப்படிச் சொன்னது. சரி, இதுக்கு மேல என்னத்தக் கேக்கறதுன்னு போயிடுவேன்."

 எழுதிக்கொண்டிருந்த ரூல்ஸ் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

"நான் பொய் சொன்னேன்பா" என்றார் புயல் கடைசியில்.  "உனக்கு நல்லதுன்னு நினைச்சுச் சொல்லல. எனக்குச் சுலபமா இருந்துது."

ஆன்டெனா தலையைக் குனிந்தபடி கேட்டான்: "இன்னும் என்னென்ன தப்பு சார்? எல்லாத்தையும் சொல்லிடுங்க."

புயல் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.