சான்றிதழ் இல்லாத அம்மை

ராயபுரம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பரீட்சைப் பொறுப்பு சுகிர்தம் டீச்சருடையது. ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில் அவர் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. நாலாவது பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படிக்கும் உலகம்மாள் எழுதியது. உடல்நலக் குறைவால் கணக்குப் பரீட்சைக்கு வர இயலவில்லை, தயவுசெய்து வேறொரு நாள் எழுத அனுமதிக்க வேண்டும். கீழே தகப்பனார் ஆறுமுகநயினாரின் கையெழுத்து.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன குறைவு, எத்தனை நாள், எந்த டாக்டர், ஒன்றும் இல்லை. போன வருஷம் ஒரே டாக்டரிடமிருந்து மூன்று பெண்களுக்கு ஒரே விஷக்காய்ச்சல் சீட்டு வந்ததைப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு, பெண்ணை நேரில் பார்த்த டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் மறுபரீட்சை கிடையாது என்று தலைமையாசிரியை ரோஸ்மேரி அம்மாளிடம் சொல்லி விதியாக்கியதும் அவரேதான். வெள்ளிக்கிழமை தேர்ச்சிப் பட்டியல் போய்விடும். கணக்கில் மதிப்பெண் இல்லாத பெண் அதே பாரத்தில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். ஆறுமுகநயினார் சிமெட்ரி ரோட்டில் அரிசிக்கடை வைத்திருப்பவர், கடைக்கு மேலேயே வீடு.

"காய்ச்சல்தான் டீச்சர். சர்ட்டிபிகேட்டுதான வேணும்? யானைக்கவுனில தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. சாயங்காலம் வாங்கிட்டு வந்திருதேன்."

"உங்க மகளை அவர் பார்த்தாரா?"

மகள்தான் பதில் சொன்னாள். "பாக்கல டீச்சர். அந்தப் பொய்ச் சீட்டோட எழுதறதுக்குப் பதிலா நான் ஒரு வருஷம் உக்காந்துக்கறேன்."

"வாய மூடு" என்றார் அப்பா. "ஒரு வருஷம் போச்சுன்னா படிப்பு போதும்னு உங்க அம்மா நிப்பாட்டிருவா. தெரியும்லா?"

அந்தப் பெண் தெரியும் என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு மாறவில்லை. டீச்சருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, அது எரிச்சலாகவும் இருந்தது. அப்போதுதான் அவள் நெற்றியோரம் இன்னும் மறையாத தழும்புகள் இரண்டு மூன்று கண்ணில் பட்டன.

தண்ணீர்ப் பானையை நிரப்பிக்கொண்டிருந்த ஆயா சிலுவையம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"இன்னா டீச்சர், இதுங்க வூடு எங்க தெருதான். இதோட தங்கச்சியத்தானே நீங்க கேட்டுலயே நிக்கவச்சுத் திருப்பி அனுப்சீங்க? தலைல வேப்பில சொருகிகினு வந்துச்சே. நான்தானே இட்டுகினு போய் வுட்டேன்."

டீச்சர் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தார். அம்மை கண்ட வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரக்கூடாது, திருப்பி அனுப்பினால் அந்த நோட்டில் எழுத வேண்டும். இருந்தது. மூன்றாம் வகுப்பு, பேபி, வீட்டில் அக்காவுக்கு அம்மை, அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பின் வரவும். கணக்குப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்தேதி. அவருடைய கையெழுத்து.

"இதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை?"

ஆறுமுகநயினார் குரல் இறங்கிவிட்டது. "அம்மைக்கு நாங்க டாக்டரக் கூப்பிடுத வழக்கம் இல்ல டீச்சர். எழுத்துல குடுத்தா கார்ப்பரேஷன்காரன் மருந்தடிக்க வருவான். கீழ கடை. அம்மை கண்ட வீட்டு அரிசிய யார் வாங்குவா?"

"சின்னது கேட்டில் நின்று ஊருக்கே சொல்லிவிட்டது. பெரியவளுக்குத்தான் நஷ்டம். தண்ணீர் எப்போது முடிந்தது?"

"சனிக்கிழம டீச்சர்" என்றாள் உலகம்மாள். "அதுவரைக்கும் அம்மா படி தாண்ட வுடல. பரீட்ச அதுக்கு முந்தின நாளு, வெள்ளிக்கிழம."

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். "நோயின் பேரைப் போட்டு மறுபடி எழுது. அப்பா கையெழுத்துப் போட்டால் நான் தலைமையாசிரியையிடம் போகிறேன்."

அவள் நின்றபடியே எழுதினாள். ஆறுமுகநயினார் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு, "நாலு நாள் ஆள் வராட்டி வராம போவுது. அரிசி கெட்டா போவும்" என்று கையெழுத்துப் போட்டார்.

தலைமையாசிரியை சம்மதிக்கவே, மறுநாள் டீச்சர் புதிய வினாத்தாளைத் தன் கையால் எழுதினார். பழைய கணக்குகளெல்லாம் அதற்குள் தெருவெங்கும் பரவியிருந்தன. புதியவற்றில் ஒன்றுகூட லேசானதாக இல்லை. உறையை ஒட்டி ரோஸ்மேரி அம்மாளின் ஒப்பம் வாங்கி, வியாழக்கிழமை காலை ஆசிரியைகள் அறையில் அவளைத் தனியாக உட்காரவைத்து எழுதச் செய்தார். மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த டீச்சருக்கு மனசு நிறைந்திருந்தது.

மறுபரீட்சைப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் அம்மை என்று எழுதினார். அடுத்த கட்டம், சான்றளித்த மருத்துவர். டீச்சர் மருத்துவர் என்ற வார்த்தையை அடித்துவிட்டு, தன் பேரை முழுசாக எழுதினார்.