சமையல்காரிக்குச் சம்பளம் இல்லாத திட்டம்

மூன்று அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தவளுக்குப் பெரிய அடுப்பும் ஒரு வண்டியும் வாங்க வங்கிக் கடன் வேண்டியிருந்தது. கல்யாண ஆர்டர்கள் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன. ஒரே பக்கத்தில் தொழில் திட்டம் எழுதி வரச் சொன்னார் மேனேஜர். எழுதியவர் அக்கா புருஷன். குடும்பத்தின் அறிவுக்கொழுந்து. இதுவரை தொடங்கிய எந்தத் தொழிலும் உருப்பட்டதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் திட்டம் மட்டும் அழகாக இருந்தது. எழுதி முடிக்கும்வரை அவளிடம் காட்டவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீயை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார்.

"லாபம் ரொம்ப அதிகமா இருக்கே. சமைக்கிற ஆளுக்குச் சம்பளம் எங்க?"

"வீட்டு ஆள்தான் சார், என் மச்சினி. சம்பளம் கிடையாது. லாபமே அங்கதான் இருக்கு" என்றார் அத்தான், பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோல.

"காய்ச்சல்ல படுத்துட்டாங்கன்னா?"

"படுக்க மாட்டா சார். மாடு மாதிரி உழைப்பா."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாடு, தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அத்தானின் பெயர். 'நிர்வாக ஆலோசகர், மாதச் சம்பளம்' என்ற வரியிலும் அதே பெயர். மனுஷனுக்கு வெட்கம் என்பது பக்கத்துத் தெருவில்கூட இல்லை.

"மிச்சமாகுற சாப்பாடு, வீணாகுறது, அதுக்கும் ஒண்ணும் போடலையே" என்றார் மேனேஜர். "சரி, அலுவலகங்கள் ஆர்டர் குடுத்தது யார் பேர்ல?"

அவள் பையிலிருந்து மூன்று ஆர்டர் கடிதங்களை எடுத்து வைத்தாள். மூன்றும் அவள் பெயரில்.

"அப்போ கடன் கேக்கறது யாரு?"

"நான்தான் சார். இவர் துணைக்கு வந்தவர்."

அத்தான் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, ராத்திரி பகலா உக்காந்து எழுதினேனே."

"எழுதினீங்க அத்தான். யாருக்குன்னு இப்பதான் தெரியுது."

"வேற எழுதிக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றார் மேனேஜர். தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அன்று மாலை சமையலறை மேடையிலேயே புதுத்தாளை விரித்தாள். உரிமையாளர் இடத்தில் தன் பெயர். செலவில் முதல் வரி, சமையல்காரி சம்பளம். அப்புறம் சாமான், கேஸ், வண்டி, தவணை, மேனேஜர் கேட்ட வீணாகும் சாப்பாடு.

வாசலில் அத்தானின் குரல் கேட்டது. என்ன சண்டையானாலும் நேரத்துக்குத் தூக்குவாளியோடு வந்துவிடுவார், வழக்கம்போல ஓசியில். அவள் எழுந்து நிரப்பிக் கொடுத்தாள். திரும்பி வந்து 'வீணாகும் சாப்பாடு' என்ற வரியில் ஒரு ஆள் சாப்பாட்டைக் கூட்டி எழுதினாள்.