முதல் நெடுவரிசையின் தலைப்பு

வானிலை ஆவணப் பிரிவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவளின் மேசைக்கு, ஒரு நாள் அவளுடைய அப்பாவின் மழைப் பதிவேடே வந்து சேர்ந்தது. அணைக்கட்டின் மழைமானியில் அவர் அளந்து எழுதிய பக்கங்களைப் பக்கத்து மேசைக்காரர் கணினி அட்டவணையாக மாற்றித் தந்திருந்தார். எதையும் அட்டவணைக் கட்டத்துக்குள் அடைத்துவிடும் அந்த மேசைக்காரரை அலுவலகம் ‘கட்டம்’ என்றே அழைத்தது.

தலைப்புகளையும் வகைப் பெயர்களையும் மட்டும் தமிழாக்க வேண்டும். உள்ளே இருப்பவற்றைத் தொடக்கூடாது. ஆங்கிலத்தில் வெறும் ‘தேதி’ என்றிருந்த முதல் தலைப்பை, வாசிப்பவருக்கு விளங்கட்டுமே என்று ‘மழை பெய்த நாள்’ ஆக்கினாள். ‘மழையளவு (மி.மீ.)’, ‘லேசான மழை’, ‘கனமழை’ என்று வேலை மளமளவென்று நகர்ந்தது. அளக்க முடியாத தூறலைக் குறிக்கும் T என்ற எழுத்தை அப்படியே விட்டு, அதன் பொருளை அடிக்குறிப்பில் எழுதினாள்.

தன் திருமண நாளின் வரிசைக்கு வந்ததும் கை நின்றது. அங்கே T.

அன்று மாலை மண்டப வாசலில் முழங்கால் தண்ணீர். மாப்பிள்ளையின் செருப்பு மிதந்து போனதைச் சொல்லி அப்பா சாகும்வரை சிரித்தார். அப்படியானால், கல்யாண அமளியில் அளக்காமலே ஓர் எழுத்தைக் கிறுக்கிவிட்டாரா?

“மூலத்தைப் பாருங்க. மாத்தினதுல தப்பாயிருக்குமா?” என்றாள்.

கட்டம் படத்தைப் பெரிதாக்கினார். “ஐயா கையெழுத்துதான் அக்கா. T, சும்மா கல்வெட்டு மாதிரி இருக்கு. சாயங்காலம் இணையதளத்துல ஏத்தணும். மாத்துறதுன்னா என் தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணிட்டு மாத்துங்க.”

அவள் அண்ணனை அழைத்தாள்.

“என் கல்யாணத்தன்னிக்கு அப்பா மழைய அளந்தாராண்ணா?”

“அளக்காம இருப்பாரா? காலையில எட்டு மணிக்கு அளந்துட்டுத்தான் மண்டபத்துக்கே வந்தாரு. உன் மாமியார் மூஞ்சி அப்பவே மூணு முழம் நீண்டுபோச்சு.”

“மாலையில பெஞ்சதை?”

“அதை மறுநாள் எட்டு மணிக்கு. உன்னை வழியனுப்ப எல்லாரும் நிக்கிறோம், மனுஷன் அளவுக்குடுவையோட அணைக்கட்டுக்குப் போயிட்டாரு. நீ அழுதுட்டே போன, மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. வண்டி நகரும்வரை அப்பா வரவில்லை என்றுதான் அழுதாள்.

அடுத்த வரிசையைப் பார்த்தாள். 71.2. கனமழை. முந்திய காலை முதல் அந்தக் காலை வரை பெய்தது எல்லாம் அளந்த நாளின் பெயரிலேயே ஏறியிருந்தது. அப்பாவின் T-யும் சரி, எண்ணும் சரி. அதன்மேல் அவள் சூட்டிய தலைப்புத்தான் தவறு.

“என்னக்கா, T-யை அழிக்கவா?” என்றார் கட்டம்.

“அதைத் தொடாதீங்க. தப்பு என்னோடது.”

‘மழை பெய்த நாள்’ என்பதை அழித்து, ‘அளவெடுத்த நாள் (காலை 8 மணி)’ என்று தட்டினாள். கோப்பை அவரிடம் அனுப்பிய பிறகும் 71.2-ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை வண்டி கிளம்பும்போது அப்பா எங்கே குனிந்து நின்றார் என்பது இப்போது தெரிந்தது.