ஆவணி பத்தொன்பது, ஜெர்மனியில் காலை எட்டு மணி

செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் எனக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று, வரவேற்பு மேஜை. இன்னொன்று, ஜெர்மன். ஆசிரமத்துக்கு வருகிற ஜெர்மன்காரர்களிடம் பதினாலு வருஷம் வெந்நீர், கொசு, வாடகை என்று பேசிப் பேசியே கற்றுக்கொண்டேன். பிறகு சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கினேன். அதைச் சட்டம் போட்டு என் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் அடி அண்ணாமலையிலிருந்து ஆர்த்தி வந்தாள். மேல்படிப்புக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இடம் கிடைத்திருந்தது. விசா வந்தாயிற்று. செப்டம்பர் முப்பதுக்கு டிக்கெட். தங்கத்தான் இடமில்லை. மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நீளம். பதினோரு வீட்டுக்காரர்களுக்கு எழுதி, பதினோரு பேரும் இல்லை என்றுவிட்டார்கள். பன்னிரண்டாவதாகப் பதில் போட்டவர் கிரேமர் அம்மாள். எழுபது வயது, தனியாக இருக்கிறார், மாடியில் ஓர் அறை, சின்னச் சமையலறை. ஆங்கிலம் தெரியாது.

"போன்ல ஆப் போட்டு எழுதினா அவங்களுக்கு ஒண்ணும் புரியலயாம் அக்கா. நீங்கதான் எழுதித் தரணும்" என்றாள்.

சரி என்றேன். நான் ஜெர்மனில் எழுதி அவளுக்கு அனுப்புவேன், அவள் அதை அப்படியே வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்புவாள். பதில் வந்தால் எனக்கு வரும்.

முதல் செய்தியிலேயே கிரேமர் அம்மாள் அறையைக் காட்ட நேரம் கொடுத்தார். வீடியோவில், செவ்வாய்க்கிழமை, அவர்கள் ஊர் நேரம் பன்னிரண்டு. நம் கடிகாரத்தில் மூன்றரை.

"செவ்வாய்க்கெழம மூணுலருந்து நாலரை ராகு காலம்ங்க. வேற நேரம் கேளுங்க" என்றார் ஆர்த்தியின் அப்பா மணிவேல்.

ராகு காலத்தை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தம்மா என்ன நினைக்கும்? 'அப்பாவுக்கு அந்நேரம் வயலில் வேலை' என்று எழுதிவிட்டேன். கிரேமர் அம்மாள் அவர்கள் ஊர் நேரம் இரண்டு மணிக்கு மாற்றிக் கொடுத்தார். அறையைக் காட்டினார். ஜன்னல், கட்டில், மின்சார அடுப்பு, எல்லாம் பளிச்சென்று இருந்தன. அனைவருக்கும் பிடித்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்துவிட்டது.

அடுத்து டெபாசிட். மணிவேலுக்குக் கை பரபரத்தது. "ஒரு டோக்கன் அட்வான்ஸ் போட்டு இன்னிக்கே முடிச்சிடலாம்ங்க. வேற யாராவது புகுந்துடப் போறாங்க."

"ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகாம ஒரு பைசா அனுப்பக்கூடாது" என்று அதட்டினேன். படம் மட்டும் காட்டிப் பணம் பறிக்கிற கூட்டம் அங்கேயும் ஜாஸ்தி. கிரேமர் அம்மாளும் அதையேதான் எழுதினார். இரண்டு மாத வாடகை டெபாசிட், முதலில் ஒப்பந்தம், பணம் அக்டோபர் ஒன்றாம் தேதி குடிவரும்போது, முடியாவிட்டால் தவணையாகவும் தரலாம். மணிவேலுக்கு அந்தம்மா மேல் மரியாதை ஏறிப்போயிற்று.

சிக்கல் குடிபோகும் தேதியில் வந்தது.

"அக்டோபர் ஒண்ணு புரட்டாசியாச்சே! புரட்டாசில யாராவது புதுசா குடிபோவாங்களா?" என்றார் ஆர்த்தியின் அம்மா அன்புச்செல்வி. அவரே வழியும் சொன்னார். "ஆவணி பத்தொம்போது வியாழக்கெழம, நல்ல முகூர்த்தம். நாம இங்க எப்டி பண்ணுவோம்? நல்ல நாள்ல பால் காய்ச்சி வச்சிட்டு, அப்புறமா சாமான் கொண்டுபோவோம் இல்ல? அதேதான். இவ போக முடியாது. அந்தம்மாவயே ஒரு சொம்பு பால் காய்ச்சச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. முன்பின் தெரியாத ஜெர்மன் கிழவியிடம் போய், எங்களுக்காகப் பால் காய்ச்சு என்பதா? மானம் போகாதா? ஆவணி பத்தொன்பதை ஆங்கிலத் தேதியாக்கி, நாகரிகமாகச் சுருக்கினேன். 'அறையைச் செப்டம்பர் நான்காம் தேதியே ஒப்படைக்க முடியுமா?'

மறுநாள் பதில் வந்தது. செப்டம்பர் முழுக்க அங்கே பெயின்ட் வேலை. ஒப்படைக்க முடியாது. 'முதலில் அக்டோபர் என்றீர்கள், இப்போது செப்டம்பர் என்கிறீர்கள். உங்களுக்கே தேதி நிச்சயமில்லை போலிருக்கிறது. அக்டோபர் ஒன்றுக்கு வேறொரு மாணவர் கேட்கிறார். நாளை மதியம் முடிவு செய்வேன்.'

ஒரு மணி நேரத்தில் ஆர்த்தி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க எழுதினத ஆப்ல போட்டுப் பாத்தேன். அம்மா பால்தான காய்ச்சச் சொன்னாங்க? நீங்க ஏன் ரூமையே கேட்டீங்க?"

தலைக்கு மேலே சான்றிதழ் தொங்குகிறது, எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. "அசிங்கமா நெனப்பாங்கன்னுதாம்மா..." என்று இழுத்தேன்.

"அசிங்கமா நெனச்சா நெனக்கட்டும். அது எங்கம்மா கேட்டது. ரூம் போச்சுன்னா நான் எங்க போய்ப் படுப்பேன்?"

அவள் கேட்டது நியாயம். வெட்கப்பட்டது நான், வீதிக்கு வரப்போவது அவள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. தேதி அக்டோபர் ஒன்றுதான், மாறவில்லை, தவறு மொழிபெயர்த்த என்னுடையது என்றேன். புரட்டாசி, முகூர்த்தம், பால், எல்லாவற்றையும் அன்புச்செல்வி சொன்ன வரிசையிலேயே போட்டேன். வயலில் வேலை என்றது பொய், அது ராகு காலம் என்பதையும் சேர்த்தேன். ஆர்த்தி அனுப்பினாள். இருவரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில் வந்தபோது டீ கிளாஸ் காய்ந்து கிடந்தது.

'இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நாங்கள் புது வீட்டுக்கு ரொட்டியும் உப்பும் கொண்டுபோவோம். என் மகள் குடிபோனபோது நானே கொண்டுபோனேன். பால் எவ்வளவு? எத்தனை மணிக்கு? அந்த இன்னொரு மாணவருக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.'

ஆர்த்தி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு, அவர்கள் ஊரில் காலை எட்டு மணிக்கு, குடும்பமே என் மேஜையைச் சுற்றி நின்றது. போனில் கிரேமர் அம்மாள், பின்னால் ஏணியில் ஒரு பெயின்டர். மாடிச் சமையலறை அடுப்பில் ஒரு குட்டிப் பாத்திரம். பால் மெல்ல ஏறியது. விளிம்புக்கு வந்ததும் அந்தம்மா சட்டென்று பாத்திரத்தை நகர்த்திவிட்டார்.

"ஐயோ! பொங்கணும்ங்க! எடுக்க வேணாம்னு சொல்லுங்க!" என்று அன்புச்செல்வி அலறினார்.

சொன்னேன். பாத்திரம் மறுபடி அடுப்புக்குப் போனது, பால் ஏறியது, அந்தம்மாவின் கை தானாக நகர்த்திவிட்டது. எழுபது வருஷப் பழக்கம், பாவம்.

"விடுங்கம்மா! அடுப்பு நாறிப்போனாலும் பரவாயில்ல, பொங்கி வழியட்டும்!" அன்புச்செல்வி சொன்னதை அதே சத்தத்தில், ஒரு வார்த்தை குறைக்காமல் ஜெர்மனில் கத்தினேன். காபி குடிக்க வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கிரேமர் அம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பால் பொங்கியது. பளபளத்த அடுப்பெல்லாம் வழிந்து புகைந்தது. ஏணியில் நின்ற பெயின்டர் கை தட்டினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலமே ஒப்பந்தம் வந்தது. வரி வரியாகப் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆர்த்தி ஒரு படம் அனுப்பினாள். சாவி கொடுக்கும்போது அறையில் இருக்கும் கீறல், கறை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிற தாள். காலி செய்யும்போது அதைப் பார்த்துத்தான் டெபாசிட்டில் பிடிப்பார்கள். "கடைசி வரி மட்டும் ஆப்புக்குப் புரியல அக்கா. கையால எழுதியிருக்காங்க" என்றாள்.

நடுங்கும் கையெழுத்தில் இருந்ததை உள்ளது உள்ளபடி தமிழில் எழுதி அனுப்பினேன்.

'அடுப்பில் பால் கறை. பொங்கவிட்டது நான். டெபாசிட்டில் பிடிக்கக்கூடாது. துடைக்கவும் கூடாது.'