எட்டை அறுபத்து நான்காக்கிய காலை

மழை கொட்டியது நான்கே நிமிடம்தான். அதற்குள் றிஸ்லாவின் திரையில் டிஷ்ஷுக்கு ஒன்றாயிருந்த அறுபத்திரண்டு பச்சைப் புள்ளிகளும் சிவப்பாகிவிட்டன. கல்முனையில் அவள் வேலை செய்யும் நிலையத்தின் மொட்டை மாடியில் பெரிய டிஷ் நிற்கிறது. அங்கிருந்து வானத்திலுள்ள செய்மதிக்குப் போகும் அலையை மழை விழுங்கிவிட்டால் கரையோரமெங்கும் உள்ள சின்ன டிஷ்கள் ஒரே கணத்தில் வழி தவறிப்போகும். அது வழமைதான், மழை விட்டதும் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இன்று வரவில்லை. இருபது நிமிடமாகியும் நாலே புள்ளிதான் பச்சை.

பார்த்துப் பார்த்து இன்றைக்கா இப்படி நடக்க வேண்டும்! பக்கத்துக் கதிரையில் வங்கியின் பிராந்திய அதிகாரி ஜவாத் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய பன்னிரண்டு கிளைகளின் செய்மதி அலைவரிசையை ஊர்ச் சனங்களின் அரசாங்க அலுவல்களை இணையத்தில் முடித்துக் கொடுக்கும் ஐம்பது கியோஸ்க்குகளும் பகிர்ந்துகொள்ளலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அவரை ஒப்புக்கொள்ள வைத்தவள் றிஸ்லா. ஆறு மாதப் பரீட்சார்த்த முயற்சி இன்றோடு முடிகிறது. கொழும்புக்குப் போகும் கடிதத்தில் அவர் "வேண்டாம்" என்று எழுதினால் கியோஸ்க்குகள் ஐம்பதும் மூடப்படும். பிறகு ஒரு பிறப்புச் சான்றிதழுக்கும் சனங்கள் இரண்டு பஸ் மாற வேண்டியதுதான்.

"தங்கச்சி, நான் சொல்லல்லயா? எல்லாரையும் ஒண்டாப் போட்டா இப்பிடித்தான். கியோஸ்க்க எல்லாம் அடைச்சிட்டு என்ட பன்னிரண்டையும் முதல்ல எடுங்க" என்றார் ஜவாத்.

அது அவளால் முடியும், ஒரே கட்டளைதான். ஆனால் அப்படிச் செய்தால் "வேண்டாம்" என்ற கடிதம் அங்கேயே எழுதி முடிந்துவிடும்.

தொலைபேசி அலறியது. பொத்துவிலுக்கு அப்பால் கியோஸ்க் நடத்தும் நதீரா. அவளுக்கு றிஸ்லா 'தாத்தா', அதாவது அக்கா. "தாத்தா, நான் மூணு தரம் சுவிட்ச நிப்பாட்டித் திரும்பப் போட்டுட்டன். இப்பயும் வருகுதில்ல!"

"கை வெக்காத நதீரா! எல்லாருக்கும் சொல்லு, ஒருத்தரும் சுவிட்சத் தொடப்படா."

சொல்லி வாய் மூடவில்லை, பச்சையாயிருந்த நாலில் இரண்டு அணைந்தன. யாரோ பொறுமையில்லாதவர்கள், உள்ளே வந்ததைக்கூடப் பார்க்காமல் நிறுத்திவிட்டார்கள். றிஸ்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. வலையமைப்புக்குள் நுழைய நொடிக்கு ஒரு வாய்ப்பு. எந்த டிஷ்ஷும் அனுமதி கேட்காமலே அதில் கூப்பிடலாம். இரண்டு ஒரே நொடியில் கூப்பிட்டால் மோதி இரண்டுமே வீண். பிறகு ஒவ்வொன்றும் குலுக்கல்போல ஒரு நொடியைத் தெரிந்தெடுத்து மறுபடி கூப்பிடும். எத்தனை நொடிக்குள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது? எட்டு! பன்னிரண்டு கிளைகள் மட்டும் இருந்த காலத்தில் வைத்த எட்டு. அறுபதும் அந்த எட்டு நொடிக்குள் நெரிபட்டால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? உள்ளே வந்துவிட்டால் நெரிசலில்லை. வேலைக்கேற்ப அவரவருக்கென்று நேரத்துண்டை நிலையமே ஒதுக்கிக் கொடுக்கும். சிக்கல் வாசலில்தான். கியோஸ்க்குகளைச் சேர்த்த அன்று அதை மாற்ற மறந்தது அவளேதான்.

"சேர், பிழை என்ட. எட்ட அறுபத்து நாலாக்கப் போறன்."

"அதென்ன?"

"எல்லாரும் கூடுதலா நேரம் காத்திருப்பாங்க."

ஜவாத்தின் கண்கள் பிதுங்கின. "இருபது நிமிசமா ஒண்டும் வரல்ல, நீங்க இன்னும் காக்க வெக்கப் போறீங்களா?"

"ஓம் சேர். நாம சொல்றது அவங்களுக்கு இப்பயும் கேக்கும். அவங்கட குரல்தான் நமக்கு வருகுதில்ல. அஞ்சே நிமிசம் தாங்க."

அவர் வேண்டாவெறுப்பாகக் கையை அசைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று அவள் விசையைத் தட்டினாள்.

பத்து நொடி. ஒரு புள்ளி பச்சை. இன்னொன்று. மாவடிப்பள்ளிக் கியோஸ்க்! அப்புறம் மூன்று, நான்கு. முதல் நிமிடம் முடியும்போது இருபத்தைந்து. றிஸ்லா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். இரண்டாம் நிமிடத்தில் நாற்பத்தைந்து. ஆட்கள் குறையக் குறைய மோதலும் குறைந்தது. ஜவாத் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, கிரிக்கெட் பார்ப்பவர்போல் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"அம்பத்தெட்டு! அம்பத்தொம்பது! வா, வா!"

நதீராவின் புள்ளி பச்சையானபோது இருவரும் சேர்ந்தே கத்தினார்கள். அறுபத்தொன்று. இன்னும் ஒன்றே ஒன்று சிவப்பு.

"அது எந்தக் கியோஸ்க்?" என்று கேட்டார் ஜவாத்.

"கியோஸ்க் இல்ல சேர். உங்கட கல்முனைக் கிளை. இப்ப திரும்பயும் நிப்பாட்டிப் போட்டிருக்காங்க போல."

ஜவாத் தொலைபேசியைப் பறித்தெடுத்தார். "மெனேஜர்! அந்த சுவிட்சில இருந்து கைய எடுங்க! அம்பது கியோஸ்க்கும் உள்ளுக்கு வந்திட்டு. நாமதான் குழப்பிக்கிட்டு வெளியில நிக்கிறம்!"