கடைசிப் பெயர் கட்டாயம்

ஆஸ்பத்திரியில் புது மென்பொருள் வந்தது. பழைய பட்டியலில் முழுப்பெயருக்கு ஒரே கட்டம். புதியதில் பெயர், குடும்பப்பெயர், இனிஷியல் என்று மூன்று. நாற்பதாயிரம் வரிகளைப் பிரிக்கும் வேலை பதிவுப் பிரிவில் இருக்கும் என் தலையில் விழுந்தது.

மேலாளர் வகுத்த விதி சுலபமானது. முதல் சொல் பெயர், கடைசிச் சொல் குடும்பப்பெயர், நடுவில் உள்ளவற்றின் முதலெழுத்து இனிஷியல். நம் ஆட்கள் எழுத்தை முன்னால் போடுவார்கள், பின்னால் போடுவார்கள், சிலருக்குப் பெயரே ஒரு சொல்தான் என்று மன்றாடிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் முடி என்றார். அவர் வீட்டில் எல்லோருக்கும் மூன்று சொல் போலிருக்கிறது.

அந்த விதிப்படியே பட்டியலை ஓட்டினேன். பெயர் இடத்திலோ குடும்பப்பெயர் இடத்திலோ ஒற்றை எழுத்தோ வெற்றிடமோ வந்த வரிகளை மென்பொருள் ஏற்கவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் தனித்தாளில் ஒதுங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அந்த எழுத்து யார் பெயர் என்று கேட்டு, விரித்து எழுத வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது வரி ஓடினாலே பெரிய விஷயம்.

அந்தத் தாளில் அண்ணி இருப்பாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பெயருக்குப் பின்னால் அண்ணனின் ஒற்றை எழுத்தை எழுதுகிறவள். மாற்றுச் சிறுநீரகத்துக்காக எங்கள் ஆஸ்பத்திரிப் பட்டியலில் நான்கு வருடமாகக் காத்திருக்கிறாள். போன மாதம் மூன்றாவது இடத்தில் இருந்தாள்.

பதினெட்டாம் நாள், ஆயிரத்து நாற்பதாவது வரியில் அவளைக் கண்டேன். எனக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் பெயரைக் குடும்பப்பெயரில் போட்டுச் சேமித்தேன். மென்பொருள் ஏற்றுக்கொண்டு, பதிவுத் தேதி என்ற கட்டத்தில் அன்றைய தேதியைத் தானே போட்டது. அந்தத் தேதிப்படி அவள் வரிசையில் முந்நூற்றுப் பதினொன்று.

உறுப்பு மாற்றுப் பிரிவுக்கு ஓடினேன். இடைப்பட்ட நாட்களில் அவளுக்குப் பொருந்தும் சிறுநீரகம் ஒன்று வந்ததாம். பட்டியலில் அவள் இல்லாததால் அடுத்தவருக்குப் போய்விட்டது. பழைய தேதியைப் போடச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சினேன். பழைய பட்டியலில் அவள் தேதி இருந்த தாளை நீட்டினேன். தேதி மென்பொருள் போடுவது, அதில் யாரும் கைவைக்க முடியாது, மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார். எழுதினேன். பதில் இல்லை. வருமென்ற நம்பிக்கையும் இல்லை.

டயாலிசிஸ் அறையில் அண்ணி போர்வைக்குள் சுருண்டிருந்தாள். ஊசி குத்திய கையை அசைக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, நம்பர் பாத்தீங்களா? ரெண்டா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்தது அத்தனையும் சொன்னேன், பட்டியலை ஓட்டியது நான்தான் என்பது உட்பட. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அவள் மற்றக் கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஃபாரத்த நான்தானே நிரப்பினேன்," என்றாள். "உங்கண்ணன் பேர முழுசா எழுதியிருக்கணும். தப்பு எம்மேலதான், தம்பி."